பாதித் திறனில் ஓடும் கிரைண்டர்

தமிழ்நாட்டின் ஊர்களில் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்தால் இட்லி மாவுக் கடை கண்ணில் படாமல் போகாது. ஒரு பெரிய கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு தராசு, மாவு கட்டிக் கொடுக்கக் கவர்கள். இவ்வளவு இருந்தால் கடை தொடங்கிவிடலாம். காலையில் அரிசியும் உளுந்தும் ஊறும். மதியத்துக்குள் அரைத்து முடித்துவிடுவார்கள். சாயங்காலம் வியாபாரம்.

இந்தக் கடைகளைப் பற்றி ஒரு கேள்வி. அந்தக் கிரைண்டரில் இன்னும் ஒரு மடங்கு அரைக்கலாம். வாடகையும் ஆள் கூலியும் அதிக மாவில் பங்கு பிரிவதால், அப்படி அரைத்தால் ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு குறையும். கடைக்காரருக்கு இது தெரியும். தெரிந்தும் அவர் அரைப்பதில்லை. அடுத்த தெருவிலும் அப்படியே ஒரு கிரைண்டர், அதற்கடுத்த தெருவிலும் இன்னொன்று. அத்தனை பேரும் தங்கள் திறனில் பாதியிலேயே நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் இப்படி இருந்தால் அவருக்கு வியாபாரம் தெரியவில்லை என்று சொல்லலாம். எல்லோருமே இப்படி இருந்தால் காரணம் ஆட்களிடம் இல்லை, சந்தையின் அமைப்பில் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்த அத்தியாயம்.

1933இல் வந்த இரண்டு நூல்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருளாதார நூல்கள் சந்தையை இரண்டே வகையாகப் பார்த்தன. ஒன்று நிறைவுப் போட்டி. எண்ணற்ற விற்பனையாளர்கள், எல்லோரிடமும் அச்சு அசலாக ஒரே பொருள், சந்தை விலையை யாராலும் அசைக்க முடியாது. மற்றொன்று முற்றுரிமை. ஒரே விற்பனையாளர், அவர் வைத்ததே விலை. நாம் தினமும் நுழையும் கடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலும் அடங்குவதில்லை.

இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியவர் இத்தாலியப் பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபா. 1926இல் ‘எகனாமிக் ஜர்னல்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் ஓர் எளிய உண்மையை எடுத்து வைத்தார். நுகர்பொருள் செய்பவர்களில் பெரும்பாலோர் உற்பத்தியைக் கூட்டாமல் நிற்பது செலவு ஏறிவிடும் என்ற பயத்தால் அல்ல. கூடுதலாக விற்க வேண்டுமென்றால் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது விற்பனைக்காக அதிகம் செலவழிக்க வேண்டும். அவர்களைத் தடுப்பது அதுதான். அப்போதைய பாடநூல் கோட்பாட்டில் இந்த நிலைக்கு இடமே இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1933இல், அந்த இடத்தை நிரப்ப இரண்டு நூல்கள் வந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜோன் ராபின்சன் எழுதியது ஒன்று. அமெரிக்காவின் ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் எழுதியது மற்றொன்று. சேம்பர்லினின் நூல் 1927இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. இந்தச் சந்தை வடிவத்துக்கு அவர் கொடுத்த பெயரைத்தான் நம் பாடநூல்கள் முற்றுரிமைப் போட்டி என்று எழுதுகின்றன.

இதற்கு மூன்று அடையாளங்கள். விற்பனையாளர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவர் பொருளும் மற்றவருடையதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. புதியவர் யார் வேண்டுமானாலும் நுழையலாம், பழையவர் யார் வேண்டுமானாலும் வெளியேறலாம். மாவுக் கடைக்கு மூன்றும் பொருந்தும். ஒருவர் மாவில் இட்லி பூப்போல வரும், இன்னொருவர் மாவு தோசைக்கு முறுகும், ஒருவர் கடை வீட்டு வாசலுக்கு எதிரிலேயே இருக்கும். இரண்டு ரூபாய் ஏற்றினால் சில வாடிக்கையாளர்கள் போவார்கள், எல்லோரும் போய்விட மாட்டார்கள். அந்தச் சிறிய பிடிப்புதான் கடைக்காரரின் முற்றுரிமை. சுற்றியுள்ள மற்ற கடைகள்தான் அவருக்குப் போட்டி.

ஒரு கடையின் கணக்கு

ஒரு நகரப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே 30 மாவுக் கடைகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. இனி வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. நடைமுறைக்கு ஒட்டி வரும்படிதான் வைத்திருக்கிறேன்.

ஒரு கடைக்கு நாளொன்றுக்கு மாறாச் செலவு 1,600 ரூபாய். கடை வாடகை 300, உதவியாளர் கூலி 500, கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் தேய்வதற்கும் அவற்றில் போட்ட பணத்தின் வட்டிக்கும் 200, கடைக்காரரின் சொந்த உழைப்புக்கு 600. இந்தக் கடைசித் தொகையைக் கவனிக்க வேண்டும். அவர் வேறெங்காவது வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி அது. பொருளியலில் அதுவும் செலவுதான். அதை எடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் இந்த அத்தியாயத்தில் லாபம் என்கிறேன். ஆகவே பின்னால் ‘லாபம் பூஜ்யம்’ என்று வரும்போது கடைக்காரர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார் என்று நினைக்கக் கூடாது. அவருடைய 600 ரூபாயும், போட்ட பணத்துக்கு வட்டியும் அவர் கைக்கு வந்துவிட்டன.

மாறும் செலவில் இரண்டு பகுதிகள் உண்டு. அரிசி, உளுந்து, மின்சாரம், கவர் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 20 ரூபாய். இதோடு அளவு கூடக் கூட ஏறுகிற ஒரு செலவும் இருக்கிறது. அதிகம் அரைத்தால் உதவியாளருக்குக் கூடுதல் நேரக் கூலி தர வேண்டும், ஃப்ரிட்ஜில் இடம் போதாது, மிஞ்சிய மாவு புளித்து வீணாகும். இதைக் கிலோவுக்கு, அன்றைய மொத்தக் கிலோவின் 0.04 மடங்கு ரூபாய் என்று வைப்போம். 100 கிலோ அரைத்தால் கிலோவுக்கு 4 ரூபாய், 200 கிலோ அரைத்தால் 8 ரூபாய்.

மொத்தத்தையும் கூட்டிக் கிலோவால் வகுத்தால் சராசரிச் செலவு கிடைக்கும்:

சராசரிச் செலவு = 1600 ÷ அளவு + 20 + 0.04 × அளவு

அளவு கூடும்போது முதல் பகுதி இறங்குகிறது, மூன்றாம் பகுதி ஏறுகிறது. தொடக்கத்தில் இறக்கம் வலுவாக இருக்கும், பிறகு ஏற்றம் வலுவாகும். இரண்டும் சமமாகும் இடம் 200 கிலோ. அங்கே சராசரிச் செலவு 8 + 20 + 8 = 36 ரூபாய். இதைவிடக் குறைந்த செலவில் இந்தக் கடையால் மாவு தர முடியாது. வரைபடத்தில் சராசரிச் செலவு கோடு ஆங்கில U எழுத்துப் போல வரும், அதன் அடிப்புள்ளி 200 கிலோவில் விழும்.

இனி வாடிக்கையாளர் பக்கம். கடைக்காரர் விலையை இறக்கினால் விற்பனை கூடும், ஏற்றினால் குறையும். 30 கடைகள் இருக்கும்போது ஒரு கடையின் தேவைக்கோடு இப்படி என்று வைப்போம்:

விலை = 60 − 0.12 × அளவு

கூடுதலாக ஒரு கிலோ விற்க வேண்டுமென்றால் எல்லாக் கிலோவுக்கும் விலையில் 12 காசு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இந்த நிலையில் கடைக்காரருக்கு அதிக லாபம் தரும் அளவு 125 கிலோ. விலை 45 ரூபாய், சராசரிச் செலவு 37 ரூபாய் 80 காசு. கிலோவுக்கு 7 ரூபாய் 20 காசு மிஞ்சுகிறது. நாளொன்றுக்கு 900 ரூபாய் லாபம், தன் உழைப்புக் கூலி போக.

லாபம் புதியவர்களை அழைத்து வருகிறது

மற்ற வேலைகளில் 600 ரூபாய் கிடைக்கும் இடத்தில் மாவுக் கடையில் 1,500 ரூபாய் கிடைக்கிறது என்றால் செய்தி பரவாமல் இருக்காது. ஏற்கெனவே ஒரு கடையில் உதவியாளராக இருந்தவருக்குத் தொழில் தெரியும். கிரைண்டர் தவணையில் கிடைக்கும். 31வது கடை வரும், 32வது வரும்.

புதிய கடை வந்ததும் பழைய கடையில் என்ன மாறுகிறது? அதன் செலவுக் கணக்கில் எதுவும் மாறவில்லை. கிரைண்டர் அதேதான், வாடகையும் அதேதான். மாறுவது தேவைக்கோடு. முன்பு இவரிடம் வந்தவர்களில் சிலருக்குப் புதிய கடை பக்கம், சிலருக்கு அந்த மாவு பிடித்திருக்கிறது. அதே விலைக்கு முன்பு விற்ற அளவு இப்போது விற்காது. தேவைக்கோடு இடப்பக்கமாக நகர்கிறது. இவர் விலையைக் கொஞ்சம் இறக்குகிறார், அளவும் கொஞ்சம் குறைகிறது, லாபம் சுருங்குகிறது. ஆனால் லாபம் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்வரை அடுத்த கடையும் வரும்.

இது எங்கே நிற்கும்? 40 கடைகள் ஆனபோது ஒவ்வொரு கடையின் தேவைக்கோடும் இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று வைப்போம்:

விலை = 52 − 0.12 × அளவு

இந்தக் கோட்டில் கடைக்காரருக்கு எது நல்ல இடம் என்று தேடிப் பார்ப்போம்.

| நாளொன்றுக்குக் கிலோ | விலை (ரூபாய்) | சராசரிச் செலவு (ரூபாய்) | அன்றைய லாபம் (ரூபாய்) |
|---|---|---|---|
| 80 | 42.40 | 43.20 | −64 |
| 100 | 40.00 | 40.00 | 0 |
| 120 | 37.60 | 38.13 | −64 |
| 150 | 34.00 | 36.67 | −400 |
| 200 | 28.00 | 36.00 | −1,600 |

100 கிலோவில் மட்டும் நட்டமில்லை. அதற்கு இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் நட்டம். கடைக்காரர் 40 ரூபாய்க்கு 100 கிலோ விற்று, தன் கூலியை எடுத்துக்கொண்டு, லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்கிறார். உள்ளே வர யாருக்கும் இனி ஆசை இல்லை, வெளியே போக யாருக்கும் அவசரமும் இல்லை. இதைத்தான் நீண்டகாலச் சமநிலை என்கிறோம்.

ஏன் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும்?

இந்த அட்டவணையை வரைபடமாக்கினால் ஒரு விசேஷம் தெரியும். தேவைக்கோடு சராசரிச் செலவு கோட்டை எங்கும் வெட்டாது. 100 கிலோ, 40 ரூபாய் என்ற ஒரே ஒரு புள்ளியில் அதைத் தொட்டுவிட்டுப் போகும். மற்ற எல்லா இடத்திலும் செலவு மேலே, விலை கீழே.

இது எண்களைத் தேர்ந்தெடுத்ததால் வந்த பொருத்தம் அல்ல. வேறு எப்படியும் இருக்க முடியாது. தேவைக்கோடு செலவுக் கோட்டை இரண்டு இடங்களில் வெட்டினால், அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே விலை செலவுக்கு மேலே இருக்கும். அங்கே லாபம் உண்டு. லாபம் இருந்தால் புதிய கடை வரும், தேவைக்கோடு இடப்பக்கம் நகரும், வெட்டுப் புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். தேவைக்கோடு முழுவதும் செலவுக் கோட்டுக்குக் கீழே இருந்தால் எந்த அளவில் விற்றாலும் நட்டம். சிலர் கடையை மூடுவார்கள், மூடியவரின் வாடிக்கையாளர்கள் மிஞ்சியவர்களிடம் வருவார்கள், தேவைக்கோடு வலப்பக்கம் நகரும். இந்த இரண்டு நகர்வுகளும் ஓய்கிற ஒரே நிலை, கோடு தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் நிலை.

இந்த அத்தியாயத்தின் மையமான வாதம் அடுத்த படியில் வருகிறது. இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டால் அந்தப் புள்ளியில் இரண்டின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். தேவைக்கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தது. ஆகவே தொடும் இடத்தில் சராசரிச் செலவு கோடும் கீழ்நோக்கிச் சாய்ந்தே இருக்க வேண்டும். U வடிவத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த பகுதி எது? அடிப்புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள பகுதி. அடிப்புள்ளியில் சாய்வே கிடையாது, அங்கே சாய்ந்த கோடு தொட முடியாது. எனவே சமநிலை அடிப்புள்ளிக்கு முன்னதாகவே அமைந்துவிடுகிறது. நம் கணக்கில் 100 கிலோவில் செலவுக் கோடு கிலோவுக்கு 12 காசு இறங்கிக்கொண்டிருக்கிறது. தேவைக்கோடு இறங்குவதும் அதே 12 காசு.

நிறைவுப் போட்டியில் இப்படி நடக்காததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அங்கே ஒருவருடைய தேவைக்கோடு படுகிடையானது. சந்தை விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். படுகிடையான கோடு U வடிவத்தைத் தொடக்கூடிய ஒரே இடம் அடிப்புள்ளி. எல்லா மாவும் ஒரே மாவு, எந்தக் கடையும் எந்த வீட்டுக்கும் பக்கமில்லை தூரமில்லை என்றால், இந்தக் கடைகளும் 200 கிலோவில், 36 ரூபாய் விலையில்தான் போய் நிற்கும்.

இந்த வரைபடத்தைப் பாடநூலுக்கோ தேர்வுக்கோ வரைபவர்கள் அடிக்கடி தவறும் ஓர் இடம் உண்டு. தொடுபுள்ளியில் லாபம் பூஜ்யம். மற்ற இடங்களில் நட்டம். அப்படியென்றால் கடைக்காரருக்கு அதுவே கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த நிலை. ஆகவே இறுதிநிலை வருவாய் கோடும் இறுதிநிலைச் செலவு கோடும் அந்தத் தொடுபுள்ளிக்கு நேர் கீழே வெட்டிக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் 100 கிலோவில் இறுதிநிலை வருவாய் 52 − 24 = 28 ரூபாய், இறுதிநிலைச் செலவு 20 + 8 = 28 ரூபாய். இரண்டும் ஒன்று. வரைபடத்தில் அந்த வெட்டுப் புள்ளி தொடுபுள்ளிக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி விழுந்தால் படம் தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.

மிகைத் திறன் என்பது எது, எது இல்லை

கடை நிற்பது 100 கிலோவில். குறைந்த செலவு கிடைக்கும் இடம் 200 கிலோவில். இடையிலுள்ள 100 கிலோவுக்குப் பெயர்தான் மிகைத் திறன். அதனால் கிலோவுக்கு 36 ரூபாயில் முடியக்கூடிய மாவு 40 ரூபாய் ஆகிறது.

இதில் இரண்டு குழப்பங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, இயந்திரம் நிற்கிறது என்பதும் மிகைத் திறன் என்பதும் ஒன்றல்ல. கிரைண்டர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடக்கூடியதுதான். ஆனால் அப்படி ஓட்டினால் கூலியும் வீணும் ஏறிச் செலவு கூடிவிடும். 200 கிலோ என்பது கடையால் முடிந்த அதிகபட்சம் அல்ல, செலவு மிகக் குறைவாக இருக்கும் அளவு. அதேபோல சனிக்கிழமை சாயங்காலம் இரு மடங்கு விற்பதற்காகப் பெரிய கிரைண்டர் வாங்கி வைத்தவர், மற்ற நாட்களில் அதைப் பாதியளவு ஓட்டினால் அதைச் சேம்பர்லின் சொன்ன மிகைத் திறன் என்று சொல்ல முடியாது. அது நெருக்கடியான நாளுக்கு வைத்திருக்கும் கையிருப்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: வாரம் முழுவதும் சராசரி விற்பனை கூடினால் கிலோவுக்கு ஆகும் செலவு இறங்குமா? இறங்கும் என்றால்தான் மிகைத் திறன்.

இரண்டாவது, சிறிய கிரைண்டர் வாங்கினால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்ற கேள்வி. நீண்டகாலத்தில் கடைக்காரர் தன் விற்பனைக்கேற்ற கிரைண்டரைத்தான் வாங்குவார். அதனால் கொஞ்சம் செலவு குறையும். ஆனால் பாதி கிரைண்டர் வாங்கினால் பாதி வாடகை ஆகாது. பாதி உதவியாளரை வேலைக்கு வைக்க முடியாது. கடைக்காரர் கடையில் உட்காரும் நேரமும் பாதியாகாது. பிரிக்க முடியாத இந்தச் செலவுகள் இருக்கும்வரை, எல்லா அளவுக் கிரைண்டர்களையும் கணக்கில் எடுத்து வரைந்த சராசரிச் செலவு கோடும் முதலில் இறங்கித்தான் வரும். சாய்ந்த தேவைக்கோடு அந்த இறங்கும் பகுதியில்தான் அதைத் தொடும். கிரைண்டரை மாற்றினால் எண்கள் மாறும், வாதம் மாறாது.

இன்னும் ஒரு வாடிக்கையாளர்

நிறைவுப் போட்டியில் இருக்கும் ஒரு விவசாயி, சந்தையில் ஒரு மூட்டை நெல் கூடுதலாக விற்றால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கடைசி மூட்டைக்கு ஆகும் செலவும் கிடைக்கும் விலையும் சமம். மாவுக் கடைக்காரர் நிலை வேறு. அவருக்கு விலை 40 ரூபாய், கூடுதலாக ஒரு கிலோ அரைக்க ஆகும் செலவு 28 ரூபாய். இப்போதைய விலையிலேயே புதிதாக ஒருவர் வந்து ஒரு கிலோ வாங்கினால் 12 ரூபாய் மிச்சம்.

லாபமே இல்லாத நிலையிலும் கடைக்காரர் புதிய முகத்தைப் பார்த்ததும் எழுந்து வரவேற்பதற்கும், இட்லிப் பொடி கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதற்கும், பலகை எழுதி வைப்பதற்கும் காரணம் இந்த 12 ரூபாய். விலையைக் குறைத்து ஆளைக் கூட்டுவது அவருக்குக் கட்டுப்படியாகாது, ஏனென்றால் ஏற்கெனவே வாங்குகிற அனைவருக்கும் குறைக்க வேண்டியிருக்கும். விலையைக் குறைக்காமல் ஆளைக் கூட்டும் எந்த வழியும் அவருக்கு நல்லது. ஒரு தொழிலில் விற்பவர்கள் விளம்பரத்துக்கும் உபசாரத்துக்கும் மெனக்கெடுகிறார்களா என்று பார்த்தாலே அங்கே விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் இடைவெளி உண்டா என்று கண்டுகொள்ளலாம்.

இது வீணா?

40 கடைகளும் தலா 100 கிலோ விற்கின்றன. மொத்தம் 4,000 கிலோ. மொத்தச் செலவு நாளொன்றுக்கு 1,60,000 ரூபாய். அதே 4,000 கிலோவை 20 கடைகள் தலா 200 கிலோ வீதம் அரைத்துக் கொடுத்தால் செலவு 1,44,000 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 16,000 ரூபாய், கிலோவுக்கு 4 ரூபாய். இதை மட்டும் பார்த்தால் பாதிக் கடைகளை மூடிவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் 20 கடைகளை மூடினால் அவற்றோடு 20 தெருமுனைகளும் 20 விதமான மாவும் போய்விடும். மூட்டுவலிக்காரர் இரண்டு தெரு அதிகம் நடக்க வேண்டும். வெந்தயம் கூடப் போட்ட மாவு பிடித்தவர் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். கிலோவுக்கு 4 ரூபாய் என்பது பக்கத்திலேயே கிடைப்பதற்கும் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதற்கும் நாம் கொடுக்கும் விலை. சேம்பர்லினே இதை வீண் என்று கருதவில்லை. வெவ்வேறு விதமான பொருள்களை மக்கள் விரும்புகிறார்கள் என்றால், விலைப் போட்டி நடக்கும் சந்தையில் இந்தத் தொடுநிலையை ஒருவகை இலட்சிய நிலையாகவே கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

அந்த 4 ரூபாய் கொடுக்கத் தகுந்ததுதானா என்பதைப் பின்னால் வந்தவர்கள் கணக்காகவே போட்டார்கள். மும்பையில் பிறந்த அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1977இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. எந்தக் கடைக்கும் மானியம் தர முடியாது என்ற நிலையில், அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை மாதிரியில், சந்தை தானாகப் போய்ச் சேரும் கடைகளின் எண்ணிக்கையும் சமூகத்துக்கு ஏற்ற எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்தன. 1986இல் கிரிகரி மான்கிவும் மைக்கேல் வின்ஸ்டனும் இதன் உள்ளே இயங்கும் இரண்டு விசைகளைப் பிரித்துக் காட்டினார்கள். புதிதாக வரும் கடைக்காரர் தன் விற்பனையில் ஒரு பகுதியைப் பழைய கடைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்; அவர்கள் இழப்பை அவர் கணக்கில் எடுப்பதில்லை. இது கடைகளை அளவுக்கு மீறிப் பெருக்கும். மறுபக்கம், அவர் கொண்டு வரும் புதிய வகையால் வாங்குபவர்களுக்குக் கிடைக்கும் நிறைவு முழுவதையும் அவரால் விலையாக வசூலிக்க முடிவதில்லை. இது கடைகளைத் தேவைக்குக் குறைவாக நிறுத்தும். எந்த விசை பெரிது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். எல்லாக் கடை மாவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் கடைகள் அதிகம். ஒவ்வொன்றும் உண்மையிலேயே வேறு என்றால் 40 கூடக் குறைவாக இருக்கலாம்.

விலைப் போட்டி நின்றுபோன சந்தையில் இந்த நியாயம் எடுபடாது. 30 கடைகள் இருந்தபோதே எல்லோரும் கூடிப் பேசி, 45 ரூபாய்க்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாளுக்கு 900 ரூபாய் லாபம் நிலைத்திருக்கும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். நிலைக்காது. விலையைக் கட்டினார்களே தவிர வாசலைக் கட்டவில்லை. புதிய கடைகள் வந்துகொண்டே இருக்கும். யாரும் விலையை இறக்காததால் மொத்த விற்பனை 3,750 கிலோவிலேயே நிற்கும், பங்கு மட்டும் பிரியும். சராசரிச் செலவு 45 ரூபாயைத் தொடும் அளவு சுமார் 72 கிலோ. அதுவரை, அதாவது ஏறக்குறைய 52 கடைகள் ஆகும்வரை, வரவு ஓயாது. முடிவில் கடைக்காரர்களுக்கு லாபம் பூஜ்யம், வாங்குபவர்களுக்கு விலை 45, கடைகளுக்கு விற்பனை 100 கிலோகூட இல்லை. யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. சேம்பர்லின் உண்மையான வீண் என்று எண்ணியது விலைப் போட்டி செத்துப்போன இந்த நிலையைத்தான்.

கணக்கு பொருந்தாத இடங்கள்

இவ்வளவு சுத்தமாக வந்த முடிவுக்கு அடியில் இரண்டு எடுகோள்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லாக் கடைகளுக்கும் ஒரே செலவுக் கோடு, ஒரே மாதிரித் தேவைக்கோடு. உண்மையில் ஒரு கடை மாவு ஊர் முழுக்கப் பேர் வாங்கியிருக்கும். 41வது கடை வந்தாலும் அவர் கூட்டம் குறையாது, அவர் லாபமும் குறையாது. ஓரத்தில் தட்டுத்தடுமாறி நிற்கும் கடைக்குத்தான் தொடுநிலை சரியாகப் பொருந்தும்.

ஆனால் ஒரு கடையின் லாபம் இடத்தால் வருகிறதென்றால் கதை வேறு. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைக்கு நல்ல விற்பனை என்றால், வாடகை ஒப்பந்தம் முடியும்போது வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். தேவைக்கோடு நகராமலே செலவுக் கோடு மேலே ஏறி அதைத் தொட்டுவிடும். லாபம் மறைவது அங்கேயும் நடக்கிறது, ஆனால் பணம் வாங்குபவரிடம் திரும்பிப் போகாமல் கட்டட உரிமையாளரிடம் போய்ச் சேருகிறது.

மற்றொரு எடுகோள், புதிய கடை வந்தால் அதன் பாதிப்பு எல்லாக் கடைகளுக்கும் சமமாகப் பரவும் என்பது. நிக்கோலஸ் கால்டோர் 1935இல் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். மாவுக் கடைக்குப் போட்டி அந்தப் பகுதியின் 40 கடைகளுமா? இல்லை, பக்கத்திலுள்ள இரண்டு மூன்று கடைகள்தான். புதிய கடை எந்தத் தெருவில் வருகிறதோ அந்தத் தெருக்காரர்தான் அடி வாங்குவார், அடுத்த வட்டாரத்தவருக்கு அது தெரியாமலே போகலாம். இரண்டு கடைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, மூன்றாவது கடை பிழைக்கும் அளவுக்கு இல்லையென்றால் அங்கே யாரும் வர மாட்டார்கள். அந்த இரண்டு கடைகளுக்கும் கொஞ்சம் லாபம் நீண்டகாலத்திலும் நிற்கும். தேவைக்கோடு செலவுக் கோட்டுக்குச் சற்று மேலேயே தங்கிவிடும். மிகைத் திறன் அப்போதும் இருக்கலாம், பூஜ்ய லாபம்தான் இருக்காது.

எனவே ஒரு தொழிலில் பாதித் திறனில் ஓடும் இயந்திரங்களைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அங்கே விற்பவர்கள் விலையில் போட்டி போடுகிறார்களா? ஒருவர் பொருளுக்கும் மற்றவர் பொருளுக்கும் வாங்குபவர் மதிக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 4 ரூபாய் நம் தேர்வுக்கான நியாயமான விலை. கடைகளைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. விலையைக் கூடிப் பேசிக் கட்டியிருக்கிறார்கள் என்றால் நாம் கொடுக்கும் கூடுதல் பணம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. அங்கே செய்ய வேண்டியது கடைகளை மூடுவது அல்ல, அந்த விலைக் கட்டுப்பாட்டை உடைப்பது.